பைக்கின் முன்சக்கரம் எப்போது தூக்கும்? முடுக்க எல்லையைக் கணக்கிடும் முழுமையான வழிகாட்டி

ஒரு மோட்டார் சைக்கிள் எவ்வளவு வேகமாக வேகமெடுக்க முடியும் என்று கேட்டால் பலரும் முதலில் குதிரைத்திறனைத்தான் பார்ப்பார்கள். குறைந்த வேகத்தில் அந்த எல்லையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இரண்டே நீளங்கள். நிறைமையம் பின்சக்கரத் தொடுபுள்ளிக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பவை அவை. அவற்றை அளந்து, முன்சக்கரம் தரையை விடும் முடுக்கத்தைக் கணக்கிட்டு, எந்த கியரில் அது நடக்கும் என்பது வரை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வண்டியின் எண்களைப் பயன்படுத்துகிறேன்.

படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். சமன்பாட்டை முதலில் எழுதிவிட்டு உயரத்தை உத்தேசமாகப் போட்டுக்கொள்பவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

## 1. தொடங்குமுன் தேவைப்படுபவை

ஒவ்வொன்றும் 200 கிலோவுக்குமேல் தாங்கும் இரண்டு எடைமேடைகள், அளவு நாடா, பின்சக்கரத்தை ஏற்றிவைக்க உறுதியான ஒரு மேடை, வண்டியைப் பிடிக்க இருவர். எடைமேடை ஒன்றுதான் இருந்தால் மற்ற சக்கரத்தின் கீழ் அதே உயரமுள்ள பலகையை வையுங்கள். ஒரு சக்கரம் மட்டும் உயர்ந்திருந்தால் வண்டி சாய்ந்து, முதல் அளவே தவறாகிவிடும்.

ஓட்டுபவர் ஹெல்மெட்டும் உடையும் அணிந்து, ஓட்டும் நிலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். வெறும் வண்டியை அளந்துவிட்டு ஓட்டுபவரின் எடையைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பது முதல் தவறு. மொத்த நிறையில் கால் பங்குக்கும்மேல் ஓட்டுபவருடையது. அது வண்டியின் நிறைமையத்தைவிட உயரத்தில் இருப்பதால் கணக்கையே மாற்றிவிடும்.

நம் வண்டி 200 கிலோ, ஓட்டுபவர் 75 கிலோ, மொத்தம் 275 கிலோ. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 1.40 மீட்டர். சக்கர ஆரம் 0.30 மீட்டர். இது ஆள் அமர்ந்த நிலையில் தரையிலிருந்து அச்சின் நடுவுக்கு அளந்த நீளம். டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவிலிருந்து கணக்கிட்டால், டயர் அமுங்குவது விடுபட்டுவிடும்.

## 2. முன்னோக்கிய தூரம் b

இது எளிது. இரண்டு சக்கரங்களும் சமதளத்தில் எடைமேடைகளின் மேல் நிற்க, முன்னால் 132 கிலோவும் பின்னால் 143 கிலோவும் காட்டுகின்றன. முன்சக்கரம் தாங்கும் பங்கை அச்சு இடைத்தூரத்தால் பெருக்கினால், பின்சக்கரத் தொடுபுள்ளியிலிருந்து நிறைமையம் முன்னால் இருக்கும் தூரம் கிடைக்கும்.

```
b = L × Wf / W = 1.40 × 132 / 275 = 0.672 m
```

இங்கே கிலோவை நியூட்டனாக மாற்றத் தேவையில்லை. விகிதம் மட்டுமே பயன்படுவதால் அலகு அடிபட்டுப் போகும். பின்சக்கரத்தின் எடையைப் போட்டுவிட்டால் முன்தொடுபுள்ளியிலிருந்து உள்ள தூரம் வரும். இந்த வண்டியில் அது 0.728 மீட்டர். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிவதால் இந்தத் தவறு கண்ணில் படுவதே இல்லை.

## 3. நிறைமையத்தின் உயரம் h

சமதளத்தில் எத்தனை முறை எடை போட்டாலும் உயரம் தெரியாது. வண்டியைச் சாய்த்தால்தான் உயரம் எடையில் வெளிப்படும். பின்சக்கரத்தை ஏற்றினால் நிறைமையம் முன்னோக்கி நகர்கிறது, முன்சக்கரத்தின் சுமை கூடுகிறது. நிறைமையம் எவ்வளவு உயரமோ அவ்வளவு அதிகமாகக் கூடும்.

பின்சக்கரத்தை 0.40 மீட்டர் ஏற்றுங்கள். சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பு 0.40 / 1.40 = 0.286, டேன்ஜென்ட் மதிப்பு 0.298. முன்மேடை இப்போது 155.5 கிலோ காட்டுகிறது. அதாவது 23.5 கிலோ கூடியிருக்கிறது.

```
h = r + (ΔW / W) × L / tanθ
h = 0.30 + (23.5 / 275) × 1.40 / 0.298 = 0.70 m
```

சக்கர ஆரத்தைக் கூட்டுவது ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. சாய்க்கும்போது சுமைகள் அச்சுகளின் வழியே இறங்குகின்றன. எனவே இந்த அளவீடு நிறைமையம் அச்சுக்கோட்டுக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். தரையிலிருந்து உயரம் வேண்டுமானால் ஆரத்தைக் கூட்ட வேண்டும்.

இந்தப் படியில்தான் தவறுகள் குவிகின்றன. மிகப் பெரியது சஸ்பென்ஷன். வண்டி சாய்ந்ததும் முன் ஃபோர்க் அமுங்கும், பின்பக்கம் எழும்பும், நீங்கள் நினைக்கும் கோணமும் உண்மைக் கோணமும் வேறாகிவிடும். ஆள் அமர்ந்த நிலையில் ஃபோர்க் நிற்கும் அளவைக் குறித்துக்கொண்டு, அதே அளவில் அது அசையாதபடி பட்டைகளாலும் கட்டைகளாலும் இறுக்குங்கள். பின் ஷாக்குக்குப் பதிலாக அதே நீளமுள்ள இரும்புத் தண்டைப் பொருத்துவது இன்னும் நல்லது.

அடுத்தது பிரேக். வண்டி உருளாமலிருக்க இரண்டு பிரேக்கையும் பிடிக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் இரண்டு டயர்களுக்கும் இடையே எதிரெதிர்க் கிடைவிசைகள் சிக்கிக்கொள்ளலாம். ஒரு தொடுபுள்ளி மற்றதைவிட 0.40 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அந்த விசைகளே ஒரு திருப்புவிசையை உண்டாக்கி எடையளவைக் கெடுத்துவிடும். முன்பிரேக்கை மட்டும் பிடித்து, பின்சக்கரத்தை நியூட்ரலில் உருள விடுங்கள்.

மூன்றாவது, ஓட்டுபவர். வண்டி முன்பக்கம் சரிந்ததும் அவர் உடல் தானாகவே பின்னால் சாயும். பெட்ரோல் டேங்கிலிருந்து மார்புக்குள்ள இடைவெளியைச் சமதளத்தில் அளந்துகொண்டு, சாய்த்த பிறகும் அதே இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் விழாமல் தடுக்க மட்டுமே விரல்களை வைத்திருக்க வேண்டும், சுமையைத் தாங்கக் கூடாது.

மேடை ஒரு கிலோ தவறாகக் காட்டினாலே உயரத்தில் 1.7 சென்டிமீட்டர் மாறும். எனவே 0.70 என்பதை 0.7012 என்று எழுதுவதில் பொருளில்லை. வெவ்வேறு ஏற்ற உயரங்களில் அளந்து பாருங்கள். எல்லாவற்றிலும் h ஏறக்குறைய ஒன்றாக வந்தால் அளவீட்டை நம்பலாம். ஏற்ற உயரம் கூடக்கூட h ஒரே பக்கமாக நகர்ந்தால் சஸ்பென்ஷன் இன்னும் அசைகிறது என்று பொருள்.

## 4. பின்தொடுபுள்ளியைச் சுற்றித் திருப்புவிசை

இப்போதுதான் சமன்பாடு. பின்சக்கரத் தொடுபுள்ளியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் வசதி. பின்சக்கரத்தின் செங்குத்து விசையும் தரை தரும் உந்துவிசையும் அந்தப் புள்ளி வழியாகவே செல்வதால், அவற்றின் திருப்புவிசை பூச்சியம். மிஞ்சுபவை மூன்று: எடை, முன்சக்கரத்தின் செங்குத்து விசை, போலி விசை.

போலி விசையை விட்டுவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. தொடுபுள்ளி வண்டியோடு சேர்ந்து முடுக்கமடைகிறது. அதைச் சுற்றித் திருப்புவிசை எடுக்கும்போது, நிறைமையத்தில் பின்னோக்கி `m a` என்ற விசையைச் சேர்த்தே ஆக வேண்டும். சேர்க்காதவர்களுக்கு முன்சக்கரச் சுமை எந்த முடுக்கத்திலும் மாறாது என்ற விடை வரும். அந்த விடை வந்தால் உடனே இந்த இடத்துக்குத் திரும்புங்கள்.

```
m g b  =  m a h  +  Nf L
```

எடை முன்பக்கத்தை அழுத்துகிறது. போலி விசை அதைத் தூக்கப் பார்க்கிறது. வித்தியாசத்தை முன்டயர் தாங்குகிறது. முடுக்கம் கூடக்கூட `Nf` குறைந்து, பூச்சியமாகும் இடமே எல்லை.

```
a = g b / h = 9.81 × 0.672 / 0.70 = 9.4 m/s²
F = m a = 275 × 9.4 ≈ 2590 N
```

சந்தேகம் இருந்தால் நிறைமையத்தைச் சுற்றி ஒருமுறை செய்து பாருங்கள். முன்சக்கரம் தரையை விடும் கணத்தில் முழு எடையும் பின்சக்கரத்தில் இருக்கிறது. அதன் திருப்புவிசை `m g b`, உந்துவிசையின் திருப்புவிசை `F h`. இரண்டும் சமமானால் அதே விடைதான் வரும். இந்த வழியில் போலி விசை தேவைப்படாது.

செயின் இழுவை, என்ஜின் சட்டகத்தைத் திருப்பும் எதிர்விசை ஆகியவற்றைச் சிலர் இதில் சேர்ப்பார்கள். அவை வண்டிக்குள்ளேயே ஜோடியாக அடங்கிவிடும் விசைகள். மொத்த வண்டியின் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை.

சக்கரங்களின் சுழற்சிக்கு மட்டும் சிறு இடம் உண்டு. அவற்றின் சுழற்சியைக் கூட்டுவதற்கும் கொஞ்சம் திருப்புவிசை செலவாகிறது. இரண்டு சக்கரங்களின் நிலைமத் திருப்புத்திறனும் சேர்ந்து 1.1 kg·m² என்று வைத்தால், h உடன் 1.1 / (275 × 0.30) = 0.013 மீட்டர் சேரும். எல்லை 9.4-இலிருந்து 9.2-க்கு இறங்கும். அளவீட்டுப் பிழையே ஏறக்குறைய அந்த அளவுக்கு இருப்பதால், இதற்குமேல் இதைத் தொடரவில்லை.

## 5. டயர் முதலில் வழுக்குமா என்று பாருங்கள்

முன்சக்கரம் தூக்க 2590 நியூட்டன் வேண்டும். அதைத் தரைக்குக் கொடுக்கப் பின்டயரால் முடிய வேண்டும். அந்தக் கணத்தில் முழு எடையும் பின்சக்கரத்தில் இருப்பதால், தேவைப்படும் உராய்வுக் குணகம் `b / h`, அதாவது 0.96. உலர்ந்த நல்ல தாரில், சூடான நல்ல டயர் 1-ஐத் தொடும் அல்லது தாண்டும். அங்கே இந்த வண்டி தூக்கும்.

ஈரச் சாலையில் குணகம் 0.6 என்று கொள்வோம். இங்கே நேராக `a = μ g` என்று எழுதிவிடக் கூடாது. முன்சக்கரம் இன்னும் தரையில் இருப்பதால் பின்டயருக்கு முழு எடையும் கிடைக்கவில்லை.

```
a = μ g (L − b) / (L − μ h)
a = 0.6 × 9.81 × 0.728 / 0.98 = 4.4 m/s²
```

`μ g` என்று போட்டிருந்தால் 5.9 வந்திருக்கும். உண்மையில் 4.4-இலேயே பின்சக்கரம் வழுக்கத் தொடங்கிவிடும். அப்போதும் முன்சக்கரம் சுமார் 71 கிலோ சுமையைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கும். மழையில் ஆக்சிலரேட்டரைத் திருகினால் முன்பக்கம் எழும்பாமல் பின்பக்கம் விலகுவது இதனால்தான்.

## 6. என்ஜினால் அந்த விசையைக் கொடுக்க முடியுமா

2590 நியூட்டனைச் சக்கர ஆரத்தால் பெருக்கினால் பின்சக்கரத்தில் 777 Nm வேண்டும். என்ஜினின் உச்ச முறுக்குவிசை 60 Nm. முதன்மைப் பற்சக்கர விகிதம் 1.9, முதல் கியர் 2.8, ஸ்ப்ராக்கெட் விகிதம் 2.8. மூன்றும் பெருகினால் 14.9. வழியில் 7 விழுக்காடு இழப்பு என்று கொண்டால்:

```
1st gear: 60 × 14.9 × 0.93 = 831 Nm   > 777
2nd gear: 60 × 10.6 × 0.93 = 591 Nm   < 777
```

முதல் கியரில் என்ஜின் 56 Nm-ஐத் தாண்டும்போது தூக்கும். இரண்டாவது கியரில் (விகிதம் 2.0) ஆக்சிலரேட்டரை மட்டும் நம்பினால் தூக்காது. கிளட்சைப் பிடித்து என்ஜினை வேகமெடுக்க வைத்துச் சட்டென்று விட்டால் இரண்டாவது கியரிலும் தூக்கும். சுழலும் கிராங்க் தன்னிடமுள்ள ஆற்றலை ஒரு கணம் கொட்டுவதால், உச்ச முறுக்குவிசைக்குமேல் சக்கரத்துக்குக் கிடைக்கிறது. இந்த அட்டவணையைக் காட்டி இரண்டாவது கியர் பத்திரமானது என்று யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

மூன்று விகிதங்களில் முதன்மை விகிதத்தை மறப்பவர்கள் பலர். முதல் கியரிலேயே தூக்காது என்று விடை வந்தால் அதைத்தான் முதலில் தேடுங்கள்.

திறன் நுழைவது இதற்குப் பிறகுதான். பின்சக்கரத்தில் 47 கிலோவாட் கிடைக்கிறது என்றால், 2590 நியூட்டனை அது நொடிக்கு 18 மீட்டர் வேகம் வரை, அதாவது மணிக்கு 65 கிலோமீட்டர் வரை மட்டுமே தாங்கும். அந்த வேகத்துக்குக் கீழே b-யும் h-உம் எல்லை, மேலே என்ஜின் எல்லை. எவ்வளவு பெரிய என்ஜினை வைத்தாலும் இந்த அளவுகளோடு 0-இலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 2.9 நொடிக்குள் எட்ட முடியாது (27.8 / 9.4). இழுவைப் பந்தய பைக்குகளை நீளமாகவும் தாழ்வாகவும் கட்டி, பின்னால் சிறு சக்கரங்கள் கொண்ட கம்பியை நீட்டுவது இந்த எல்லையைத் தள்ளத்தான்.

## 7. தூக்கிய பிறகு எல்லை இறங்குகிறது

நான்காவது படியின் விடை, சக்கரம் தரையில் இருக்கும் கடைசிக் கணத்துக்கு உரியது. அதையே தூக்கிய நிலைக்கும் பொருத்துவது ஆபத்தான தவறு.

முன்பக்கம் 10 டிகிரி எழும்பட்டும். நிறைமையம் பின்னச்சைச் சுற்றிச் சுழல்வதால் b 0.59 மீட்டராகக் குறைகிறது, h 0.81 மீட்டராக ஏறுகிறது. இப்போது சமநிலைக்குத் தேவையான விசை சுமார் 1970 நியூட்டன்தான். தூக்குவதற்கு 2590 தேவைப்பட்டது. அதே ஆக்சிலரேட்டரைப் பிடித்தபடி இருந்தால் மிச்சமுள்ள 600-க்கும் மேற்பட்ட நியூட்டன் முழுவதும் வண்டியை மேலும் புரட்டுவதில் இறங்குகிறது. எழும்பும் வேகம் கூடிக்கொண்டே போவதற்குக் காரணம் இதுதான். ஏறக்குறைய 59 டிகிரியில் நிறைமையம் தொடுபுள்ளிக்கு நேர்மேலே வந்துவிடும். அங்கே எல்லை பூச்சியம். உந்துவிசையே இல்லாவிட்டாலும் முன்பக்கம் தானாக இறங்காது.

தூக்குவதற்கு முன்பே இதன் சிறிய வடிவம் ஒன்று நடக்கிறது. சுமை குறைந்ததும் ஃபோர்க் நீளும். முன்னால் 5 சென்டிமீட்டர் எழுந்தால் நிறைமையம் சுமார் 2.4 சென்டிமீட்டர் எழும், சுமார் 1.4 சென்டிமீட்டர் பின்னால் போகும். அதனால் உண்மை எல்லை நாம் கணக்கிட்டதைவிட சுமார் ஐந்து விழுக்காடு கீழே இருக்கும். விடையை எப்போதும் மேல்வரம்பாகவே கொள்ளுங்கள்.

## 8. ஆள், பின்னிருக்கை, ஏற்றம்

ஓட்டுபவர் உடலை 10 சென்டிமீட்டர் முன்னும் 5 சென்டிமீட்டர் கீழும் கொண்டுபோனால், மொத்த நிறைமையம் 2.7 சென்டிமீட்டர் முன்னும் 1.4 சென்டிமீட்டர் கீழும் நகரும். எல்லை 9.4-இலிருந்து 10.0-க்கு ஏறும். உடலசைவு ஒன்றுக்கு இது பெரிய பலன்.

பின்னால் 65 கிலோ எடையுள்ள ஒருவர், அச்சுக்கு 10 சென்டிமீட்டர் முன்னால், 1 மீட்டர் உயரத்தில் அமரட்டும். b 0.563, h 0.757, எல்லை 7.3. எடை கூடியதால் தூக்க அதிக விசை வேண்டியிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள்: 340 × 7.3 ≈ 2480 நியூட்டன். முன்பைவிடக் குறைவு. அவர் எடை ஏறக்குறைய முழுவதும் பின்தொடுபுள்ளியின் மேலேயே விழுவதால் முன்பக்கத்தை அழுத்த உதவவில்லை. உயரத்தில் இருப்பதால் புரட்டுவதற்கு மட்டும் உதவுகிறது.

ஏற்றத்தில் இப்படி:

```
a = g (b cosθ / h − sinθ)
```

10 டிகிரி ஏற்றத்தில் a = 7.6. இதைப் பார்த்து ஏற்றத்தில் மிகச் சுலபமாகத் தூக்கும் என்று முடிவுகட்டுகிறார்கள். தேவையான உந்துவிசை `m g b cosθ / h`, அதாவது 2550 நியூட்டன். சமதளத்தின் 2590-உடன் ஒப்பிட்டால் பெரிய வித்தியாசமில்லை. குறைந்தது முடுக்கம்தான். விசையின் ஒரு பகுதி மேலே ஏறுவதற்கே போய்விடுகிறது. எந்த மாற்றத்தையும் ஆராயும்போது முடுக்க எல்லை, உந்துவிசை எல்லை இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். என்ஜினுக்குத் தெரிவது இரண்டாவது மட்டுமே.

## 9. விடையைச் சரிபார்த்தல்

மூடிய தடத்தில், பயிற்சி பெற்ற ஓட்டுநருடன் மட்டும். வேகப் பதிவுக் கருவியின் வேகத்தை நேரத்துக்கு எதிராக வரைந்து அதன் சாய்வைப் பாருங்கள். முதல் கியரில் வரைகோடு 9-ஐ ஒட்டிய சாய்வில் நிலைத்து, ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தித் தளர்த்திப் பிடித்திருந்தால் முன்சக்கரம்தான் எல்லை. பின்சக்கர உணரியின் வேகம் செயற்கைக்கோள் வேகத்தைவிட வேகமாக ஏறினால் டயர் வழுக்குகிறது. முழு ஆக்சிலரேட்டரிலும் சாய்வு தாழ்வாகவே இருந்து, என்ஜினின் முறுக்குவிசை வளைகோட்டைப் போலவே ஏறி இறங்கினால் என்ஜின்தான் எல்லை.

வண்டியில் ஒட்டிய முடுக்கமானியின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்பக்கம் எழும்பும்போது கருவியும் சாய்ந்து, புவியீர்ப்பின் ஒரு பகுதியை முடுக்கமாகக் காட்டும். 2 டிகிரி சாய்வுக்கு 0.34, 10 டிகிரிக்கு 1.7 m/s² கூடுதலாக வரும். எல்லை 9.4 என்று கணக்கிட்ட வண்டி கருவியில் 11 காட்டினால், b-யையும் h-ஐயும் மறுபடி அளப்பதற்கு முன் அந்தக் கணத்தில் முன்சக்கரம் எங்கே இருந்தது என்பதைக் காணொளியில் பாருங்கள்.